பச்சையா, புழுங்கலா?

பரந்தன் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், கொஞ்ச நேரத்தில் முரசுமோட்டை வந்துவிடும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் நெல் மண் அது. அந்த வீதியில் உள்ள சின்னக் கடைகளுக்கு முகநூல் விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அவற்றிலும் ஒரு வகை விளம்பரத்தைத்தான் நான் அதிகம் போடுகிறேன். படத்துக்குக் கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் இணையத்தளம் எதுவும் திறக்காது, கடைக்காரரோடு நேரே வட்ஸ்அப் பேச்சு திறக்கும். 2016இல் மெசஞ்சருக்கு வந்த இந்த வழி, 2017 டிசம்பரில் வட்ஸ்அப்புக்கும் வந்தது. அடுத்த மாதமே கடைகளுக்கென்று தனி வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியும் வெளியானது. இணையத்தளம் இல்லாத, கணக்குப் பிள்ளை இல்லாத, ஒரு கைப்பேசியும் ஒரு தராசும் மட்டுமே உள்ள கடைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. எங்கள் சனங்களும் பொருள் வாங்க முதல் இரண்டு கதை கதைக்கத்தான் விரும்புவார்கள்.

இங்கே நான் எழுத வந்தது விளம்பரத்தைப் பற்றி அல்ல. பொத்தானைத் தொட்டு எழுதிய ஒருவருக்கு, கடைக்காரர் கைப்பேசியை எடுக்கும் முன்னரே தானாகப் போகும் முதல் பதிலைப் பற்றி. இரண்டு மூன்று வரிதான். ஆனால் விளம்பரத்துக்குக் கொடுத்த காசு அரிசி விற்றுத் திரும்பி வருவதும் வராததும் பெரும்பாலும் அந்த வரிகளிலேயே தங்கியிருக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு கடையை எடுத்துச் சொல்கிறேன். ஆட்டக்காரி நெல்லைக் குத்தி, ஐந்து கிலோப் பொதியாகக் கட்டி விற்கும் ஒரு அக்காவின் கடை. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பொதி போகும்; வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் இருக்கும் தாய் தகப்பனுக்காக இங்கே காசு கட்டுவதும் உண்டு. என்னிடம் வந்தபோது அவருடைய குறை இதுதான்: “தம்பி, விளம்பரத்தைப் பாத்து ஆக்கள் எழுதினம். விலை என்ன எண்டு கேக்கினம். நான் கைவேலை முடிச்சு வந்து சொல்லுறன். பிறகு ஒரு கதையும் இல்லை.”

அவருடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். செயலியோடு வரும் வாசகத்தின் தமிழாக்கம்தான் தானியங்கிப் பதிலாக இருந்தது. தொடர்பு கொண்டதற்கு நன்றி, நாங்கள் எப்படி உதவலாம் என்று சொல்லுங்கள் என்ற வகை. மரியாதையான வாசகம்தான். ஆனால் விலை கேட்டு எழுதியவரிடம் ‘உங்களுக்கு என்ன வேணும்’ என்று திருப்பிக் கேட்கிறது அது. அவர்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டாரே. இன்னொரு முறை எழுதும் அளவுக்குப் பொறுமை உள்ளவர் சிலர்தான். மற்றவர் விரலை நகர்த்திவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. பதில் வரும்போது பார்ப்போம் என்று போகிறார்; பதில் வரும்போது மறந்துவிடுகிறார்.

இதைத் திருத்தப் போகும் முன் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் கண்ணில் படும் எழுத்து மூன்று இடங்களில் இருக்கிறது. பலர் மூன்றையும் ஒன்றென்று நினைத்து ஒரே வணக்கத்தை மூன்று தரம் சொல்லி வைக்கிறார்கள்.

முதலாவது, விளம்பரத்தை `Ads Manager`இல் அமைக்கும்போதே எழுதும் வரவேற்பு வாசகம். பொத்தானைத் தொட்டதும் பேச்சுத் திரையில் விளம்பரப் படத்தோடு அது தெரியும். அந்த நேரத்தில் வாடிக்கையாளர் இன்னும் எதையும் அனுப்பவில்லை. கடைக்காரருக்கு அப்படி ஒருவர் வாசலில் நிற்பதே தெரியாது. இரண்டாவது, அவர் எழுதும் பெட்டிக்குள் நாங்கள் முன்கூட்டியே நிரப்பி வைக்கும் வாசகம். அனுப்பும் குறியைத் தொட்டால் அது அவருடைய செய்தியாகக் கடைக்கு வரும். மூன்றாவதுதான் கடையின் கைப்பேசியில், வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் `Business tools` என்பதற்குள் `Greeting message` என்று இருப்பது. முதல் செய்தி வந்து விழுந்ததும் அது தானாகப் போகும்.

இந்த மூன்றுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதில் நான் ஒரு விதியை வைத்திருக்கிறேன். மாறாததை விளம்பரத்தில் வை. மாறுவதைக் கைப்பேசியில் வை. காரணம் உண்டு. விளம்பரத்துக்குள் உள்ள எழுத்தை மாற்றினால் அது மறுபடி மெட்டாவின் பரிசீலனைக்குப் போகும். யாருக்குக் காட்டினால் எழுதுவார்கள் என்று மெட்டா அதுவரை கற்றுக்கொண்டதும் பெரும்பாலும் திரும்பத் தொடக்கத்துக்கு வந்துவிடும். கைப்பேசியில் உள்ள வரவேற்பையோ கடைக்காரரே கடை வாங்கில் இருந்தபடி ஒரு நிமிடத்தில் மாற்றலாம். அரிசி விலை மாறும் பொருள். காலபோக வெட்டு முடிந்து நெல் குவியும்போது ஒரு விலை, மழைக்காலத்தில் கையிருப்புக் குறையும்போது இன்னொரு விலை. ஆகவே விலை கைப்பேசியில். என்ன அரிசி, எந்த ஊர் அரிசி, எத்தனை கிலோப் பொதி என்பவை விளம்பரத்தில்.

விலையைச் சொல்லாமல் விட்டால்தான் ஆட்கள் கேட்டு எழுதுவார்கள் என்று சொல்கிற கடைக்காரர்கள் நிறைய. எழுதுவார்கள், உண்மை. ஆனால் அப்படி எழுதுகிறவரில் பலர் விலையை அறிய மட்டும் எழுதுகிறவர்கள். விலையை மறைத்துச் சேர்த்த பேச்சுக்களின் எண்ணிக்கை விளம்பரக் கணக்கில் அழகாகத் தெரியும். அரிசிப் பொதியோ கடையிலேயே இருக்கும். தானியங்கிப் பதிலிலாவது விலையை உடனே சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் எந்தக் கடைக்காரரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை.

அக்காவின் கடைக்கு முன்நிரப்பு வாசகமாக வைத்தது: ‘ஆட்டக்காரி அரிசி வேணும். விலை சொல்லுங்கோ.’ இதை வாடிக்கையாளர் வாயில் வரும் பேச்சாகவே எழுத வேண்டும். ‘தங்கள் உற்பத்திப் பொருள் பற்றிய மேலதிக விவரங்களை அறிய விரும்புகிறேன்’ என்று முரசுமோட்டையில் ஒருவரும் அரிசி கேட்கமாட்டார். தன் பெயரில் போகும் செய்தி தான் பேசாத பேச்சாக இருந்தால் அனுப்ப விரல் தயங்கும். இன்னொரு பயனும் இருக்கிறது. தமிழில் தட்டெழுதத் தெரியாத பெரியவர்களுக்கு இது எழுத்து வேலையைக் குறைக்கிறது. முன்நிரப்பு இல்லாத காலத்தில் வந்த செய்திகளைப் பார்த்தால் `anna vilai?` என்று ஆங்கில எழுத்திலோ, குரற்பதிவிலோ, வெறும் ஒரு கேள்விக்குறியாகவோ இருக்கும். எதை விலை கேட்கிறார் என்பதை ஊகிக்க வேண்டும். பொருளின் பெயர் முன்நிரப்பில் இருந்தால், அரிசிக்கும் அரிசி மாவுக்கும் தனித்தனி விளம்பரம் ஓடும்போதுகூட, எதைப் பார்த்து வந்தவர் என்பது முதல் செய்தியிலேயே தெரிந்துவிடும்.

முன்நிரப்பில் ‘என் ஊர்: ’ என்று வெற்றிடம் விட்டு நிரப்பச் சொல்லலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நான் விடுவதில்லை. பெரும்பாலானோர் நிரப்பாமலே அனுப்பிவிடுவார்கள். பிறகு அதையே திருப்பிக் கேட்கும்போது பேச்சு விசாரணையாகிவிடும். கேள்வியை எங்கள் வாயால் கேட்பதுதான் முறை.

இனி மூன்றாவது இடம், தானாகப் போகும் பதில். அக்காவின் கடைக்கு எழுதியது இது. விலையை உதாரணத்துக்காக இடுகிறேன்:

```
வணக்கம். ஆட்டக்காரி 5 கிலோப் பொதி 1,500 ரூபா.
கடை முரசுமோட்டையில், பரந்தன் - முல்லைத்தீவு வீதி.
உங்களுக்குப் பச்சையா, புழுங்கலா?
```

வணக்கத்துக்கு அடுத்த சொல்லே அரிசி. கைப்பேசி பூட்டியிருக்கும்போது அறிவிப்பில் தெரிவது முதல் வரியும் கொஞ்சமும்தான். அந்த இடத்தை நன்றியிலும் கடைப் புகழிலும் செலவழித்தால், விலை வந்திருப்பதே அவருக்குத் தெரியாமல் போகும். இரண்டாவது வரியில் இடம். வீதியின் பெயரோடு சொன்னதற்குக் காரணம், இந்தப் பக்கத்து ஆள் என்றால் அந்த வீதியால் ஒரு நாளாவது பஸ்ஸில் போயிருப்பார். கடை உண்மையாகவே இருக்கிறது என்ற நம்பிக்கை அங்கே பிறக்கிறது.

மூன்றாவது வரிக்காகத்தான் நான் அதிகம் யோசித்தேன். முதல் பதில் ஒரு கேள்வியில் முடிய வேண்டும்; அந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில், யோசிக்காமல் பதில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். ‘எத்தனை கிலோ வேணும்?’ என்று கேட்டால், இன்னும் வாங்குவதென்று முடிவெடுக்காதவர் பின்வாங்குவார். ‘உங்கள் முகவரி?’ என்பது அதைவிட மோசம். முன்பின் தெரியாத இலக்கம் முகவரி கேட்டால் யார் கொடுப்பார்? பச்சையா புழுங்கலா என்பது அப்படியல்ல. அடுப்படி தெரிந்த எவருக்கும் அதற்குப் பதில் கையில் இருக்கிறது. ‘புழுங்கல்’ என்று ஒரு சொல் எழுதியதும், அவர் விலை கேட்டவர் என்ற நிலையிலிருந்து அரிசி தெரிவு செய்கிறவர் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். அந்த ஒரு சொல் அக்காவுக்கும் நிறையச் சொல்கிறது. புழுங்கல் என்றால் வீட்டுச் சோற்றுக்கு. மாதா மாதம் வாங்கக்கூடிய ஆள். பச்சை என்றால் புக்கைக்கோ, இடித்துப் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவாக்கவோ. அரிசி மாவும் இருக்கிறது என்று அடுத்த பேச்சில் சொல்லலாம். ஒவ்வொரு பொருளுக்கும் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது. அதை விளம்பரக்காரர் தனியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. கடை வாங்கில் ஒரு மணித்தியாலம் இருந்து, வந்தவரிடம் கடைக்காரர் முதலில் என்ன கேட்கிறார் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அதில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். அண்ணை, அக்கா என்று யாரையும் விளிக்கவில்லை. எங்கள் ஊரில் முறை சொல்லிக் கூப்பிடாமல் வியாபாரமே இல்லை என்றாலும், தானாகப் போகும் பதிலுக்கு எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா என்று தெரியாது. பிழையான முறை, முறை சொல்லாததைவிடக் கூடுதலாகக் குத்தும். ‘நீங்கள்’ போதும், அக்கா வந்து தன் கையால் எழுதும்போது ‘ஓம் அண்ணை’ என்று தொடங்கட்டும். அனுப்பும் செலவையும் சேர்க்கவில்லை. பஸ்ஸில் போட்டுவிடுவதா, கூரியரில் அனுப்புவதா, ஊருக்கு ஊர் எவ்வளவு என்பதெல்லாம் ஊர் தெரிந்த பிறகு வரும் பேச்சு. முதல் பதிலிலேயே எல்லாவற்றையும் அடைத்தால், நீண்ட செய்தி பாதியில் மடிக்கப்பட்டு, மீதியை விரித்துப் பார்ப்பவர் குறைந்துவிடுவார்.

செயலியின் சில குணங்களை அறியாமல் இதைச் செய்தால் சங்கடம் வரும். `Greeting message` முதல்முறை எழுதுகிறவருக்குப் போகும். பிறகு 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மறுபடி எழுதினால் போகும். இடையில் போகாது. விளம்பரக் கணக்கோ வேறு மாதிரி எண்ணுகிறது. 7 நாள் பேச்சில்லாமல் இருந்த ஒருவர் விளம்பரத்தைத் தொட்டு மறுபடி எழுதினால் அதைப் புதிய உரையாடலாகவே காட்டும். இந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறவர், அதாவது பத்தாம் நாள் திரும்பி வருகிறவர், விளம்பரக் கணக்கில் புது ஆள். ஆனால் அவருக்குத் தானியங்கிப் பதில் இல்லை. வெறும் அமைதிதான். அவர் யார்? ஒருமுறை விலை கேட்டு, யோசித்து, மறுபடி வந்தவர். வாங்கும் எண்ணம் கூடியவர். அவருக்காக அதே மூன்று வரியை `Quick replies`இலும் போட்டு, `/vilai` என்று தட்டினால் வரும்படி வைத்தேன். முதலில் வரும் சாய்கோடும் ஐந்து எழுத்தும்தான்; நெல் காயப்போட்ட இடத்திலிருந்துகூட அக்கா அனுப்பிவிடுவார்.

இன்னொன்று, வரவேற்பு யாருக்கெல்லாம் போக வேண்டும் என்று அதே இடத்தில் தெரிவு செய்யலாம். இயல்பாக விட்டால் எல்லோருக்கும் போகும். நெல் கொண்டுவந்து தருகிற கமக்காரர் ‘தங்கச்சி, நாளைக்கு நெல்லு ஏத்தவா?’ என்று முதல் தடவை எழுதினால் அவருக்கும் ‘பச்சையா, புழுங்கலா?’ என்று போய் விழும். அதனால் கைப்பேசியில் பெயர் சேமிக்காத இலக்கங்களுக்கு மட்டும் என்று மாற்றி, நெல் தருகிறவர்கள், சொந்தபந்தம், லொறிக்காரர் எல்லோரையும் முதலில் பெயரோடு சேமிக்கச் சொன்னேன். சோதித்துப் பார்ப்பதற்கும் இதே கவனம் வேண்டும். என் கைப்பேசியிலிருந்து எழுதிப் பார்த்தால் எதுவும் வராது. நான் ஏற்கெனவே அவரோடு பேசியவன், என் பெயரும் சேமித்திருக்கிறது. அந்தக் கடைக்கு ஒருபோதும் எழுதாத ஒருவருடைய கைப்பேசியிலிருந்து, விளம்பரத்தையே தொட்டு உள்ளே வந்து பார்க்க வேண்டும். பலர் இதைச் செய்யாமல் தானியங்கிப் பதில் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இரவு நேரம் தனிக் கதை. பாரிஸில் இருக்கும் மகன் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குத் தாய்க்கு அரிசி அனுப்ப எழுதினால், கோடையில் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. ரொறன்ரோவில் மாலை ஆறு என்றால் இங்கே அதிகாலை மூன்றரை. அவர்களுக்காக `Away message`இல் நேரத்தைத் தெளிவாக எழுதினேன்: ‘கடை காலை 7 மணிக்குத் திறக்கும். இலங்கை நேரம் 8 மணிக்குள் பதில் எழுதுவோம்.’ ‘விரைவில்’ என்ற சொல்லை நான் எந்தக் கடைக்கும் எழுதுவதில்லை. தூரத்தில் இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது. எட்டு மணி என்று சொன்னால் அவர் கணக்குப் போட்டுக் காத்திருப்பார். ஆனால் இந்தப் பதில் போகக் கடையின் கைப்பேசி உயிரோடு, இணையத்தோடு இருக்க வேண்டும். இரவில் டேற்றாவை நிறுத்திவிட்டுப் படுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. அக்காவுக்கும் இருந்தது. அதை விடச் சொல்ல வேண்டியதாயிற்று.

பலனை எப்படி அளப்பது? விளம்பரக் கணக்கு காட்டும் ‘ஒரு உரையாடலுக்கு இவ்வளவு’ என்ற எண்ணை மட்டும் நான் நம்புவதில்லை. முன்நிரப்பு வாசகம் இருப்பதால் ஒரே தொடுகையில் செய்தி போய்விடுகிறது. தவறுதலாகத் தொட்டவரும் அதில் சேர்கிறார். நான் பார்ப்பது இரண்டாவது செய்தியை. தானியங்கிப் பதிலுக்குப் பிறகு வாடிக்கையாளர் தன் விரலால் எழுதியது உண்டா, இல்லையா? கணக்கு எளிது. 6,000 ரூபா செலவில் 40 பேர் பேச்சைத் திறந்தால் ஒருவருக்கு 150 ரூபா. அவர்களில் 10 பேர்தான் இரண்டாவது செய்தி எழுதினார்கள் என்றால் உண்மையில் ஒருவருக்கு 600. விளம்பரத்தைத் தொடாமல், அந்த மூன்று வரியை மட்டும் மாற்றி 20 பேரை எழுத வைத்தால் அது 300 ஆகிவிடும். மெட்டா இதை எண்ணித் தரும்வரை காத்திராமல், இரண்டாவது செய்தி வந்த பேச்சுக்கெல்லாம் செயலியின் `Labels`இல் ஒரு அடையாளம் போட அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் இருந்து பார்ப்போம்.

எண்ணுவதோடு, அந்த இரண்டாவது செய்திகளை வாசிக்கவும் வேண்டும். பதிலில் எது குறைகிறது என்பதை அவையே சொல்லும். விலை சொன்ன பிறகும் பலர் ‘விலை?’ என்றே எழுதினால், விலை கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. ‘எவடம்?’ என்று கேட்டால் இடம் விளங்கவில்லை. அக்காவின் கடைக்குத் திரும்பத் திரும்ப வந்தது வேறொன்று: ‘கல் இருக்குமா?’ முன்னர் எங்கோ வாங்கிய அரிசியில் கல் கடித்தவர்களின் கேள்வி. அதைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் நான்காவது வரி போட மனமில்லை. வரி கூடினால் கேள்வி கீழே இறங்கிவிடும். மூன்றாவது வரியைத் தொடக்கூடாது. இடம் சொல்லும் வரியைச் சுருக்கி, ‘முரசுமோட்டைக் கடை. கல் நீக்கிக் கட்டியது.’ என்று எழுதினோம். எழுதும் முன் அக்காவிடம் ஒன்று கேட்டேன், கல்லை உண்மையாகவே நீக்குகிறீர்களா என்று. “நான் புடைச்சு, கையால பொறுக்காமல் ஒரு பொதியும் கட்டுறேல்லை,” என்றார். அதன் பிறகுதான் அந்த வரி உள்ளே போனது. வீதியின் பெயரை விட்டதால் ‘எவடம்?’ என்ற கேள்வி கொஞ்சம் திரும்பி வந்தது. அதற்குக் கடையின் இருப்பிடத்தை அனுப்பினால் போதும். கல்லைப் பற்றிய சந்தேகத்தை அப்படித் தீர்க்க முடியாது.

இப்போது சிறுபோக நெல் வெட்டு நெருங்குகிறது. பழைய கையிருப்பு முடிந்து புது அரிசி வரும்வரை சில நாள் பச்சையரிசி இல்லாமல் இருக்கும். அந்த நாட்களுக்கு மூன்றாவது வரியை ‘புழுங்கல் இருக்கிறது. ஒரு பொதியா, இரண்டா?’ என்று மாற்றி எழுதி வைத்திருக்கிறோம். பச்சை முடியும் அன்று அக்கா அதைப் போடுவார். விளம்பரம் அப்படியே ஓடும்.